விளம்பரச் செலவின்றி உங்கள் பகுதிச் செயலிக்கு முதல் நூறு பயனர்களைச் சேர்ப்பது எப்படி?

தான் வாழும் பகுதிக்கென்று ஒரு செயலியை எழுதி முடித்துவிட்டு, அதற்கு ஆள் சேர்க்கும் வழி தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் செயலி சிறியது. குரோம்பேட்டையில் அடுத்தடுத்துள்ள சில தெருக்களில் வசிப்பவர்களுக்கு, அக்கம்பக்கத்து வீட்டார் வேலை வாங்கிப் பார்த்துப் பரிந்துரைத்த பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர், ஏசி மெக்கானிக் ஆகியோரின் எண்களைத் தருவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. நூறு பேரைச் சேர்ப்பதற்குள் பட்ட பாட்டில் பெரும்பகுதி, முன்கூட்டியே தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியது. உங்கள் செயலி வேறு வேலையைச் செய்வதாக இருந்தாலும் படிகளின் வரிசை ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும்.

1. முதலில் எல்லையை வரையுங்கள்

நூறு பயனர்கள் தாம்பரத்திலிருந்து திருவொற்றியூர் வரை சிதறிக் கிடந்தால், அவர்களில் எந்த இருவருக்கும் ஒரே பிளம்பரைத் தெரிந்திருக்காது. ஒருவர் எழுதும் பரிந்துரை மற்றவருக்குப் பயன்படாது. அதே நூறு பேர் ஆறு தெருக்களுக்குள் இருந்தால், யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல ஒருவர் இருப்பார். ஆகவே ஏறத்தாழ முந்நூறு முதல் முந்நூற்றைம்பது வீடுகள் கொண்ட ஒரு வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு வெளியே இருப்பவர்கள் கேட்டாலும் இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். நண்பர்கள், அலுவலகத்தார், உறவினர் ஆகியோரைச் சேர்த்து எண்ணிக்கையை ஏற்றும் ஆசை வரும். அவர்கள் உங்கள் முகத்துக்காக நிறுவுவார்கள், திறக்க மாட்டார்கள், எண்ணிக்கையை மட்டும் பொய்யாக்குவார்கள்.

எல்லையை வரைபடத்தைப் பார்த்து வரையாமல், மக்கள் எந்தப் பக்கம் போய் வருகிறார்கள் என்பதைப் பார்த்து வரையுங்கள். குரோம்பேட்டையை ஜிஎஸ்டி சாலையும் ரயில் பாதையும் பிரிக்கின்றன. தூரம் குறைவுதான் என்றாலும், இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கத்து எலக்ட்ரீஷியனை எளிதில் அழைப்பதில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு நெடுஞ்சாலையோ வாய்க்காலோ இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். ஒரே குடியிருப்போர் நலச் சங்கமும் ஒரே வாட்ஸப் குழுவும் உள்ள பகுதியாக அமைந்தால் பின்னால் வரும் படிகள் எல்லாம் எளிதாகும்.

தனி வீடுகளும் எட்டுப் பத்து வீடுகள் கொண்ட சிறு அடுக்ககங்களும் கலந்த தெருக்களே தொடக்கத்துக்கு ஏற்றவை. நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட பெரிய வளாகங்களில் பெரும்பாலும் மைகேட் போன்ற ஒரு செயலி ஏற்கெனவே இருக்கும்; வாயிற்காவலரைத் தாண்டி உள்ளே போவதற்கே நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும். அவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

2. பயனருக்கு முன்னால் பட்டியல்

காலியான செயலியை ஒருவர் திறந்து பார்த்துவிட்டால் அவரை இரண்டாவது முறை அழைத்துவருவது மிகக் கடினம். ஆகையால் முதல் பயனர் உள்ளே வரும் முன்பே, அவர் தேடி வருவது அங்கே இருக்க வேண்டும். எங்களுக்கு அது வேலையாட்களின் பட்டியல்.

இந்தப் பட்டியலுக்கான மூலப்பொருள் உங்கள் தெருவின் வாட்ஸப் குழுவிலேயே இருக்கிறது. குழுவின் தேடல் வசதியில் plumber, electrician, carpenter என்று ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில எழுத்திலும் தமிழ் எழுத்திலும் தனித்தனியே தேடுங்கள். "Plumber number irukka" என்று எழுதுகிறவர்களே அதிகம் என்பதால், தமிழ் எழுத்தில் மட்டும் தேடினால் பாதி தவறிப்போகும். நீங்கள் சேர்வதற்கு முன் வந்த செய்திகள் உங்கள் தொலைபேசியில் இருக்காது. பழைய உறுப்பினர் ஒருவரிடம் கேட்டு, அவர் தொலைபேசியில் தேடித் தரச் சொல்லுங்கள். கேள்வி வந்த தேதி, பரிந்துரைத்தவர், வேலையாள் பெயர், எண் என்று நான்கு நெடுவரிசைகளில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இப்படிச் செய்யும்போதே எந்த வேலைக்கு ஆள் அதிகம் தேடப்படுகிறது என்பதும் தெரிந்துவிடும். எங்கள் குழுவில் பிளம்பரும் ஏசி மெக்கானிக்கும் முன்னால் நின்றார்கள். நான் அதிகம் எதிர்பார்த்த தச்சருக்கு ஓரிரு கேள்விகள்தாம் இருந்தன.

அந்த எண்களை அப்படியே செயலியில் ஏற்றிவிடாதீர்கள். குழுவில் ஒருவர் பகிர்ந்தார் என்பதால் அந்த எண்ணைப் பொதுவில் வெளியிடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை அடிப்படையாகக் கொண்டது. சட்டத்தை விடுங்கள், முன்பின் தெரியாத அழைப்புகள் திடீரென்று வரத் தொடங்கினால் அந்த மனிதர் எரிச்சலடைவார். அந்த எரிச்சல் அவரைப் பரிந்துரைத்த வீட்டாரிடம் போய்ச் சேரும். ஒவ்வொருவரையும் நீங்களே அழைத்துப் பேசுங்கள்.

அழைப்பில் அவர்களுடைய முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாக இருக்கும்: "சார், அதுல பேர் போட்டா மாசம் காசு கட்டணுமா?" இப்படிக் கேட்டுப் பணம் வாங்கியவர்கள் முன்பே வந்துபோயிருக்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை, எந்த நாளில் சொன்னாலும் எண்ணை நீக்கிவிடுவேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, பின்வருவனவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தத் தெருக்கள் வரை வருவார், வந்து பார்ப்பதற்கு மட்டும் குறைந்தபட்சம் எவ்வளவு வாங்குவார், எந்த வேலையைச் செய்ய மாட்டார், ஞாயிற்றுக்கிழமை வருவாரா. மூன்றாவது கேள்வி முக்கியமானது. குழாய் மாற்றுகிறவர் எல்லோரும் போர் மோட்டாரைத் தொட மாட்டார்கள். வயரிங் செய்கிறவர் எல்லோரும் இன்வெர்ட்டர் பார்க்க மாட்டார்கள். இந்த விவரம் குழுவில் ஒருபோதும் இருக்காது, உங்கள் பட்டியலில் இருக்கும். செயலியை நிறுவுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஒவ்வொரு தொழிலுக்கும் குறைந்தது மூன்று பெயர்கள் வேண்டும். ஒருவர் எடுக்காவிட்டால் மற்றொருவர் எடுக்க வேண்டும்; மூவரும் எடுக்காவிட்டால் பயனர் உங்களைத்தான் குறை சொல்வார். நான்கைந்து தொழில்களுக்கு இருபதிலிருந்து முப்பது எண்கள் சேர்ந்ததும் அடுத்த படிக்குப் போகலாம். மாதம் ஒருமுறை எல்லா எண்களையும் மீண்டும் அழைத்துச் சரிபார்ப்பதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திர மதிப்பெண் முறையைத் தொடக்கத்தில் வைக்காதீர்கள். முந்நூறு வீடுகளுக்குள் ஒருவருக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது யார் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும், மறுநாள் அது தகராறாகும். "இவரை இந்தத் தெருக்களில் நான்கு வீட்டார் பரிந்துரைக்கிறார்கள்" என்ற ஒரு வரி போதும். புகார் வந்தால் தொலைபேசியில் கேட்டறிந்து, தேவைப்பட்டால் பெயரை எடுத்துவிடுங்கள். சங்க நிர்வாகியின் மைத்துனர் ஒருவர் பிளம்பராக இருந்து, அவரைப் பற்றியே முதல் புகார் வருவதும் உண்டு. அதற்கும் இதே விதிதான்.

3. ஆவணங்களும் செலவும்

ஆண்ட்ராய்டுக்கு மட்டும் தொடங்குங்கள். கூகுள் பிளேயில் வெளியீட்டாளர் கணக்குக்கு ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் ஆகும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அதே பட்டியலை உலாவியில் திறக்கும் வலைப்பக்கமாகக் கொடுத்துவிடலாம். அந்த வலைப்பக்கம் ஆறாம் படிக்கு எப்படியும் தேவைப்படும்.

கட்டணம் செலுத்த, வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயக்கப்பட்ட அட்டை வேண்டும். பல டெபிட் அட்டைகளில் இது முடக்கப்பட்டே வருகிறது. வங்கியின் செயலியில் முதலில் இயக்கிக்கொள்ளுங்கள். அடையாளச் சான்றிலுள்ள பெயரும் கணக்கில் நீங்கள் தட்டச்சு செய்யும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் தலைப்பெழுத்து ஒரு சான்றில் முன்னாலும் மற்றொன்றில் விரிவாகப் பின்னாலும் இருக்கும்; இதனாலேயே சரிபார்ப்பு தடைபடும். ஆகவே எந்தச் சான்றைத் தரப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு, அதைப் பார்த்தே பெயரை நிரப்புங்கள்.

இவை தவிர, தனியுரிமைக் கொள்கை ஒரு வலைப்பக்கமாக இருக்க வேண்டும். என்னென்ன தரவைச் சேகரிக்கிறீர்கள் என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கணக்கு உருவாக்கும் வசதி இருந்தால், அதை நீக்கும் வசதியும் செயலிக்கு உள்ளேயும் வலையிலும் இருக்க வேண்டும்.

உள்நுழைவுக்குக் குறுஞ்செய்தி வழியே ஓடிபி அனுப்பலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். இந்தியாவில் சொந்தப் பெயரில் அப்படி அனுப்ப, தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்யும் டிஎல்டி பதிவு வேண்டும். நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். தனியாள் ஒருவர் நூறு பேருக்காக அந்த அலைச்சலில் இறங்கத் தேவையில்லை. கூகுள் கணக்கு வழியான உள்நுழைவை வைத்துவிட்டு, கதவு எண்ணையும் தெருவையும் கேட்டு, சங்கத்தில் ஒருவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆதாரை எந்த வடிவத்திலும் கேட்காதீர்கள். அதைக் கேட்கும் திரை வந்த மறுகணமே செயலி நீக்கப்படும். நீக்குகிறவர் செய்வதும் சரிதான்.

பட்டியலைப் பார்ப்பதற்கு உள்நுழைவே வேண்டாம். பரிந்துரை எழுதுவதற்கு மட்டும் போதும். தொடர்புப் பட்டியலையோ இருப்பிடத்தையோ பார்க்க அனுமதி கேட்கும் பெட்டி முதல் திரையில் வரவே கூடாது.

மொத்தச் செலவு: பிளே கட்டணம் இரண்டாயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டும், இணையப் பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரத்தை ஒட்டி ஆகும், தாள் அச்சுக்குச் சில நூறு. நான்காயிரத்துக்குள் அடங்கிவிடும்.

4. முதல் பன்னிருவர்

2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கப்பட்ட தனிநபர் பிளே கணக்கு என்றால், செயலியைப் பொதுவில் வெளியிடும் முன், நீங்கள் அழைப்பவர்கள் மட்டும் நிறுவக்கூடிய மூடிய சோதனை ஒன்றை நடத்த வேண்டும். குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் அந்தச் சோதனையில் இணைந்திருக்க வேண்டும். முதலில் இது 20 பேராக இருந்தது. 2024 டிசம்பரில் குறைத்தார்கள். பலர் இதைத் தொல்லையாக நினைத்து, இணையத்தில் காசுக்குக் கிடைக்கும் சோதனையாளர்களை வாங்கிவிடுகிறார்கள். அவர்கள் உங்கள் தெருவில் இல்லை; ஒரு பிளம்பரையும் பரிந்துரைக்க மாட்டார்கள். பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது சோதனையாளர்களை எப்படிச் சேர்த்தீர்கள், அவர்கள் என்ன கருத்துச் சொன்னார்கள் என்றும் கூகுள் கேட்கிறது. உண்மையான பதில் இருந்தால் அந்தப் படிவம் சில நிமிட வேலைதான்.

இந்தப் பன்னிருவரைப் பட்டியல் தயாரித்தபோது எழுதிய தாளிலிருந்தே எடுங்கள். குழுவில் யார் கேட்டாலும் சலிக்காமல் எண் கொடுக்கும் நான்கைந்து பேர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒருவர், மாடியில் வாடகைக்கு விட்டிருப்பதால் மாதம் ஒரு பழுது பார்க்கும் வீட்டு உரிமையாளர் போன்றோர். அவர்களை நேரில் பார்த்து, அவர்கள் முன்பு கொடுத்த பரிந்துரைகள் அவர்கள் பெயரிலேயே செயலியில் இருப்பதைக் காட்டுங்கள். தங்கள் பெயரைப் பார்த்தபின் அதைத் திருத்தவாவது நிறுவுவார்கள். ஓரிருவர் விலகினாலும் எண்ணிக்கை 12க்குக் கீழே இறங்காதபடி பதினெட்டு இருபது பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியில் நேரத்தை அதிகம் தின்னும் பொறி ஒன்று உண்டு. ஒருவர் உங்களிடம் தரும் மின்னஞ்சல் முகவரியும் அவர் தொலைபேசியின் பிளே ஸ்டோரில் இருக்கும் கணக்கும் பல வீடுகளில் வேறுவேறாக இருக்கும். தொலைபேசியை வாங்கித்தந்த மகன் தன் முகவரியையே போட்டிருப்பார். அழைப்பு இணைப்பைத் தட்டினால் செயலி கிடைக்கவில்லை என்று வரும். அவரோ உங்கள் செயலியில்தான் பழுது என்று நினைத்துக்கொள்வார். ஆகவே முகவரியை வாயால் கேட்காமல், அவர் தொலைபேசியில் பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையிலுள்ள வட்டப் படத்தைத் தொட்டு, அங்கே தெரியும் முகவரியைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதே இடத்தில் நின்று இணைப்பைத் தட்டி, சோதனையில் சேர்ந்து, நிறுவி, ஒரு எண்ணைத் தேடிக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். எங்கே தடுமாறுகிறார் என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

செயலிக் கோப்பை, அதாவது ஏபிகே கோப்பை, வாட்ஸப்பில் அனுப்பி நிறுவச் சொல்லும் குறுக்குவழியை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் ஏபிகே அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடி பரவியிருக்கிறது. அப்படி வரும் கோப்பைத் திறக்கவே கூடாது என்று சைபர் கிரைம் காவல்துறை எச்சரித்துவருகிறது. அந்த எச்சரிக்கையைப் பகிர்ந்த அதே குழுவில் நீங்களும் ஒரு ஏபிகே அனுப்பினால், அதன் பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

பதினான்கு நாட்கள், விண்ணப்பப் பரிசீலனை, எதிர்பாராத திருத்தங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மாதம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. சங்கத்தின் ஒப்புதல்

குழுவில் உங்கள் இணைப்பைப் போடும் முன் சங்கச் செயலாளரையும் குழுவின் அட்மினையும் சந்திக்க வேண்டும். பெரும்பாலும் இருவரும் ஒருவரே. அனுமதியின்றிப் போடப்பட்ட இணைப்பை அட்மின் நீக்கிவிட்டால், அந்த நீக்கம்தான் உங்களைப் பற்றி முந்நூறு வீட்டாரும் அறியும் முதல் செய்தியாக அமையும்.

ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுக் கையில் கொடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பியதைக் கூட்டத்தில் எடுத்துவைத்துப் பேச முடியாது. தாளாக இருந்தால் அது நிகழ்ச்சிநிரலில் ஏறும். உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

> மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,
>
> நான் (தெரு, கதவு எண்) முகவரியில் வசிக்கிறேன். நம் ஆறு தெருக்களில் வீட்டுப் பழுது பார்க்க நம்பகமானவர்களின் எண்களைத் திரட்டி ஒரு செயலியில் வைத்திருக்கிறேன். உறுப்பினர்களிடமோ வேலையாட்களிடமோ கட்டணம் எதுவும் பெறப்படாது. பரிந்துரை எழுதுவோரின் பெயரும் தெருவும் மட்டுமே மற்றவர்களுக்குத் தெரியும். கதவு எண் சரிபார்ப்புக்கு மட்டும், வெளியிடப்படாது. குழு உறுப்பினர்களின் எண்கள் எதையும் நான் எடுக்கவில்லை. யார் கேட்டாலும் அவர்களுடைய விவரம் உடனே நீக்கப்படும். அடுத்த மாதக் கூட்டத்தின் இறுதியில் பத்து நிமிடம் இதைக் காட்டவும், குழுவில் ஒருமுறை அறிவிக்கவும் அனுமதி வேண்டுகிறேன்.

செயலாளர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: "இதுல உங்களுக்கு என்ன லாபம்?" சேவை மனப்பான்மை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பின்னாளில் மற்ற பகுதிகளுக்கும் கொண்டுபோய் வருமானம் பார்க்கும் எண்ணம் இருக்கிறது, இந்தத் தெருக்களுக்கு இலவசமாகவே இருக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். சங்கத்தின் பெயரைச் செயலியில் போடச் சொன்னால் தயங்காமல் போடுங்கள். ஆனால் "சங்கத்தின் அதிகாரபூர்வச் செயலி" என்று நீங்களாக எழுதிக்கொள்ளாதீர்கள். நிர்வாகிகள் மாறும் ஆண்டில் அது வினையாகும்.

கூட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கின்றன. வருவோர் இருபத்தைந்து பேர் இருந்தால் அதிகம். அங்கே திரைக்காட்சி எதுவும் வேண்டாம். யாராவது ஒருவரிடம் அவர் வீட்டில் இப்போது என்ன பழுது என்று கேட்டு, அதற்கான ஆளை அவர் கண்முன்னே தேடி எடுத்து, ஒலிபெருக்கி நிலையில் அழைத்துப் பேசவிடுங்கள். அந்த வேலையாளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பது நலம்.

6. கேள்வி எழும் இடத்தில் பதில்

நூறில் மிகப் பெரிய பங்கு எங்களுக்கு இந்தப் படியில்தான் வந்தது. குழாய் கசியாத நாளில் யாருக்கும் பிளம்பர் செயலி தேவையில்லை. "எல்லோரும் நிறுவுங்கள்" என்று குழுவில் எத்தனை முறை எழுதினாலும் அது காலை வணக்கப் படங்களோடு சேர்ந்து மேலே போய்விடும். ஆனால் ஒருவர் "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல, அவசரமா ஆள் வேணும்" என்று எழுதும் அந்த அரைமணி நேரத்தில் அவருக்கும், அதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் தேவை கண்முன் நிற்கிறது. நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அப்போதுதான்.

பதிலில் பிளே ஸ்டோர் இணைப்பைக் கொடுக்காதீர்கள். அவசரத்தில் இருப்பவரை முதலில் நிறுவு, பிறகு தேடு என்று அலைக்கழிப்பது முறையல்ல. செயலியில் ஒவ்வொரு வேலையாளுக்கும் தனி வலைப்பக்கம் இருக்கும்படி முன்பே அமைத்துக்கொண்டால், அந்தப் பக்கத்தின் இணைப்பை மட்டும் கொடுக்கலாம். தட்டியதும் உலாவியில் பெயர், அழைக்கும் பொத்தான், எந்த வேலை செய்வார், எந்த வீட்டார் பரிந்துரைத்தார்கள் என்பவை வர வேண்டும். அதன் அடியில்தான் செயலியை நிறுவும் இணைப்பு. மோட்டார் கேள்விக்கான பதில் இப்படி இருக்கலாம்: "போர் மோட்டார் பார்ப்பவர் இவர். மூன்றாவது தெருவில் இரண்டு வீட்டார் பரிந்துரைத்திருக்கிறார்கள். இன்று வருவாரா என்று கேட்டேன், நான்கு மணிக்கு மேல் வருகிறார்." கடைசி வாக்கியத்தை எழுத நீங்கள் ஒரு தொலைபேசி அழைப்பு செய்ய வேண்டும். நூறு பேர் வரும்வரை அந்த அழைப்பைச் செய்யுங்கள். ஆயிரம் பேர் வந்தால் செய்ய முடியாது, இப்போது முடியும்.

மறுநாள் கேட்டவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பி, வேலை சரியாக முடிந்ததா என்று விசாரியுங்கள். முடிந்தது என்றால், செயலியில் ஒரு வரி எழுத முடியுமா என்று கேளுங்கள். எழுதுவதற்கு நிறுவ வேண்டும், உள்நுழைய வேண்டும். தனக்கு வேலை நடந்துவிட்ட நன்றியில் அதைச் செய்கிறவர்கள் அதிகம். பொதுவாக அழைத்தால் வராதவர்கள் இதற்கு வருகிறார்கள்.

எந்த வழியில் யார் வந்தார்கள் என்று தெரிய, ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி இணைப்பைப் பயன்படுத்துங்கள்:

```
https://play.google.com/store/apps/details?id=com.example.theru&referrer=utm_source%3Dkuzhu
https://play.google.com/store/apps/details?id=com.example.theru&referrer=utm_source%3Dkootam
```

முதலாவது குழுவுக்கு, இரண்டாவது சங்கக் கூட்டத்துக்கு. `id=` என்பதை அடுத்துள்ள `com.example.theru` என்ற இடத்தில் உங்கள் செயலியின் பேக்கேஜ் பெயரை இடுங்கள். செயலி முதன்முறை திறக்கும்போது பிளேயின் இன்ஸ்டால் ரெஃபரர் வசதி மூலம் இந்தக் குறிப்பைப் படித்துச் சேமிக்கலாம்.

வாட்ஸப்பில் ஒரே செய்தியை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புவதைத் தவிருங்கள். முன்பின் அறியாத எண்களுக்கு மொத்தமாக அனுப்பினால் உங்கள் எண்ணே முடக்கப்படலாம். பிராட்காஸ்ட் பட்டியலும் இதற்கு உதவாது. உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும்.

7. குழுவில் இல்லாதவர்கள்

வாடகைக்கு இருப்போர் பலர் சங்கக் குழுவில் இருப்பதில்லை. உரிமையாளர்களை மட்டும் சேர்க்கும் சங்கங்கள் உண்டு. புதிதாகக் குடிவந்தவருக்குத்தான் ஒரு எலக்ட்ரீஷியனைக்கூடத் தெரியாது என்பதால் இவர்களே உங்களுக்கு மிகவும் வேண்டியவர்கள். இவர்களை மளிகைக்கடை, மாவுக்கடை, இஸ்திரி வண்டி, ஹார்டுவேர் கடை ஆகிய இடங்களில் பிடிக்கலாம். ஹார்டுவேர் கடை எல்லாவற்றிலும் சிறந்தது: குழாய் வாஷர் வாங்க வருகிறவர் "மாட்ட ஆள் இருக்கா" என்று அங்கேதான் கேட்கிறார். கடைக்காரருக்குத் தெரிந்த ஆட்களையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டால், அட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைக்க விடுவார்.

அட்டை ஏ4 அளவில் பாதி போதும், லேமினேட் செய்துவிடுங்கள். க்யூஆர் கட்டத்தைப் பார்த்ததும் பணம் செலுத்துவதற்கு என்று எண்ணுகிறவர்கள் உண்டு, மோசடி என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. ஆகவே கட்டத்துக்கு மேலே "பணம் செலுத்த அல்ல, இந்தத் தெருக்களில் வேலைக்கு வரும் பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரும் தெருவும் இருக்கட்டும்.

மின்கம்பத்திலும் மதிலிலும் ஒட்டாதீர்கள். பொது இடங்களை இப்படி உருக்குலைப்பது 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி குற்றம். அதைவிட, தன் மதிலில் ஒட்டியவரின் செயலியை எந்த வீட்டுக்காரரும் நிறுவப்போவதில்லை. சிறு அடுக்ககங்களில் மின்மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை இருக்கும். அங்கே செயலாளரைக் கேட்டு வைக்கலாம்.

வீடு வீடாகப் போவதென்றால் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை போங்கள். தெரிந்தவர் ஒருவரை உடன் அழைத்துச்செல்வது நல்லது. தனியாக வாசலில் நிற்கும் இளைஞரை விற்பனையாளர் என்று நினைத்துக் கதவின் சங்கிலியைக்கூட எடுக்க மாட்டார்கள்.

8. எப்போது தொடங்குவது, யாரை எண்ணுவது

பழுது அதிகம் வரும் பருவத்துக்கு ஒரு மாதம் முன்னால் செயலி தயாராக இருக்க வேண்டும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. கூரைக் கசிவு, மின்கசிவு, சம்ப்புக்குள் மழைநீர் இறங்குவது எல்லாம் அப்போதுதான். ஆகவே ஆகஸ்டில் மூடிய சோதனை, செப்டம்பரில் கூட்டம். அதைத் தவறவிட்டால் அடுத்தது ஏசி சர்வீஸ் காலம், பிப்ரவரிக்குள் தயாராகிவிடுங்கள். பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சிலும், பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் மே மாதத்திலும் தொடங்குவதால் பயனில்லை.

நிறுவியவர் எல்லோரையும் பயனராக எண்ணாதீர்கள். செயலி வழியாக ஒருமுறையாவது யாரையாவது அழைத்தவர், அல்லது ஒரு பரிந்துரை எழுதியவர் மட்டுமே கணக்கு. எண்ண வேண்டியது வீடுகளை. ஒரே வீட்டில் மூவர் நிறுவினாலும் ஒன்றுதான். எங்கள் நூறு வீடுகள் சேர்ந்தபோது நிறுவியோர் அதைப் போல ஏறக்குறைய இருமடங்கு இருந்தார்கள். வந்த வழியைப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழுவின் கேள்விகள் வழியே வந்தவை. சோதனையாளர்களும் கூட்டத்துக்கு வந்தோரும் சேர்ந்து மற்றொரு மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் கடைகளும், வேலையாட்கள் தாங்களே தங்கள் பக்கத்தை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியதும். வீடு வீடாகப் போனதில் கிடைத்தவை, பட்ட உழைப்புக்கு மிகக் குறைவு. வயதானவர்கள் தனியாக வசிக்கும் வீடுகளுக்கு மட்டும் அந்த வழியை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பிளம்பர் தேவை மாதக்கணக்கில் ஒருமுறை வருவது. எனவே தினசரி எத்தனை பேர் திறக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். அறிவிப்புகள் அனுப்பி அவர்களை இழுக்கவும் முயலாதீர்கள், நீக்கிவிடுவார்கள். பார்க்க வேண்டிய அறிகுறி குழுவில் இருக்கிறது: ஒருவர் ஆள் கேட்கும்போது, நீங்கள் பதில் எழுதும் முன்பே வேறொருவர் உங்கள் செயலியின் பக்கத்தை எடுத்துப் பதிலாகப் போடுகிறாரா? மாதத்தில் வரும் கேள்விகளில் பாதிக்கு இப்படி மற்றவர்கள் பதில் போடத் தொடங்கிய பிறகு அடுத்த ஆறு தெருக்களுக்குப் போகலாம். அதுவரை நூறு தாண்டினாலும் அதே தெருக்களில் இருங்கள். போகும்போதும் பழைய பட்டியலை அப்படியே நீட்டாமல், அங்கே வர ஒப்புக்கொள்ளும் வேலையாட்களை மீண்டும் அழைத்துக் கேட்டு, அந்தச் சங்கத்துக்குத் தனிக் கடிதத்தோடு, இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள். பிளே கணக்கும் ஆவணங்களும் மட்டும் மறுபடி தேவைப்படாது.